மீட்பு எண் செயலிழந்த ஜிமெயில் கணக்கு: எந்த வழியை முதலில் முயல்வது?

ரீசார்ஜ் செய்யாமல் விட்ட சிம் ஒன்று செயலிழந்துபோனால் வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கைப்பேசி பழுதாகிப் புதியது வாங்கி, அதில் ஜிமெயிலைத் திறக்க முயன்று, "இந்த எண்ணுக்குக் குறியீடு அனுப்பட்டுமா" என்று திரை அந்தப் பழைய எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களைக் காட்டும்போதுதான் அந்த எண்ணை வைத்து எத்தனை கதவுகளைப் பூட்டியிருந்தோம் என்பது தெரியவருகிறது. அந்த நிலையில் இருப்பவருக்கு முன்னால் நான்கு வழிகள் உள்ளன: ஏற்கெனவே நுழைந்துள்ள கருவி ஒன்றின் வழியாக எண்ணை மாற்றுவது, பழைய எண்ணையே திரும்பப் பெறுவது, எண் இல்லாமலேயே கூகுளின் மீட்புப் பக்கத்தில் விண்ணப்பிப்பது, கணக்கைக் கைவிட்டுப் புதியது தொடங்குவது. எதை எப்போது முயல வேண்டும் என்ற வரிசை தவறினால் கிடைக்கக்கூடிய கணக்கும் கிடைக்காமல் போகலாம் என்பதால், அந்த வரிசையை முடிவுசெய்வதற்காகவே இந்த ஒப்பீடு.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம். முகவரியின் இறுதியில் gmail.com இல்லாமல் உங்கள் கல்லூரியின் பெயரோ அலுவலகத்தின் பெயரோ இருந்தால், இங்கே சொல்லப்படும் சிரமங்கள் உங்களுக்குத் தேவையில்லை. அந்த நிறுவனத்தின் கணினி நிர்வாகி தம் பக்கத்திலிருந்தே கடவுச்சொல்லை மாற்றித் தரவும், கடவுச்சொல்லுக்குப் பின் ஒரு குறியீட்டையும் கேட்கும் இரண்டு படிச் சரிபார்ப்புக்கான மாற்றுக் குறியீடுகளை எடுத்துத் தரவும் முடியும். தனிப்பட்ட ஜிமெயில் கணக்குக்கு அப்படியொரு நிர்வாகி கிடையாது. தொலைபேசியில் அழைத்துக் கணக்கைத் திறந்துதரச் சொல்லும் சேவையும் கிடையாது.

வழியைத் தேர்வதற்கு முன் பூட்டு எந்த வகை என்று பார்க்க வேண்டும். கடவுச்சொல் மறந்துபோய், இரண்டு படிச் சரிபார்ப்பு போடப்படாத கணக்கில், செயலிழந்த எண் என்பது பல மீட்பு வழிகளில் ஒன்று மட்டுமே. அது போனாலும் மாற்று மின்னஞ்சல் முதலிய மற்ற வழிகள் நிற்கின்றன. கடவுச்சொல் நன்றாக நினைவிருந்தும், இரண்டாம் படியாக அந்த எண்ணுக்கு மட்டுமே குறியீடு வருமாறு வைத்திருந்த கணக்கில் நிலைமை இறுக்கமானது. ஏனெனில் கடவுச்சொல் தெரிந்தவரையே தடுத்து நிறுத்துவதற்காகத்தான் அந்த இரண்டாம் படி வைக்கப்பட்டது. கடவுச்சொல்லும் மறந்து இரண்டாம் படியும் அந்த எண்ணிலேயே நிற்கும் கணக்கு இவை எல்லாவற்றிலும் கடினமானது. உங்களுடையது எது என்று தெரியாவிட்டால், கடவுச்சொல்லைச் சரியாகக் கொடுத்த பிறகும் குறியீடு கேட்கிறதா என்பதைக் கொண்டு ஓரளவு ஊகிக்கலாம். ஓரளவு என்று சொல்வதற்குக் காரணம் உண்டு: இரண்டு படிச் சரிபார்ப்பு போடாதவரிடமும், அறிமுகமில்லாத கருவியிலிருந்து நுழைந்தால், கூகுள் சில வேளைகளில் குறியீடு கேட்கும்.

நான்கு வழிகளுள் முதலில் பார்க்க வேண்டியது, அந்தக் கணக்கு இன்னும் எங்கேயாவது திறந்த நிலையில் இருக்கிறதா என்பதே. மனம் உடனே புதிய கைப்பேசியின் திரைக்கே ஓடுகிறது. ஆனால் பழைய மடிக்கணினியின் குரோம், பேரப்பிள்ளை விளையாடும் டேப்லெட், யூடியூப் பார்க்கும் ஆண்ட்ராய்டு தொலைக்காட்சி, திரை உடைந்து மேசை அறைக்குள் கிடக்கும் முந்தைய கைப்பேசி ஆகியவற்றைத்தான் முதலில் தேட வேண்டும். கிடைத்தால் அவற்றில் கணக்கிலிருந்து வெளியேறக் கூடாது, கருவியை ரீசெட் செய்யக் கூடாது, பிரவுசரின் வரலாற்றையும் குக்கீகளையும் அழிக்கக் கூடாது. "சரியாக வேலை செய்யவில்லை, ஒருமுறை எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் பார்ப்போம்" என்று கடைப் பையன் சொல்லும் யோசனை, சாதாரண நாட்களில் தீங்கற்றது; இந்த நாளில் அது இருந்த ஒரே சாவியை ஆற்றில் எறிவதற்குச் சமம்.

திறந்த நிலையில் ஒரு கருவி இருந்தால் myaccount.google.com பக்கத்தில் "Security" பகுதிக்குச் சென்று மீட்பு எண்ணை மாற்றலாம். அதற்கு முன் கூகுள் கடவுச்சொல்லை மீண்டும் ஒருமுறை கேட்கும். பலர் இங்கேதான் நின்றுவிடுகிறார்கள், ஏனெனில் கணக்கு திறந்திருந்தாலும் கடவுச்சொல் நினைவில் இருப்பதில்லை. கணினியின் குரோமில் முகவரிப் பட்டையில் chrome://password-manager/passwords என்று தட்டினால் அந்த பிரவுசரில் சேமித்து வைத்த கடவுச்சொற்களின் பட்டியல் வரும், அதில் accounts.google.com என்ற வரி இருந்தால், கணினியைத் திறக்கும் பின் எண்ணைக் கொடுத்து அந்தக் கடவுச்சொல்லைப் பார்த்துக்கொள்ளலாம். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் கணக்கு திறந்திருந்தால், கடவுச்சொல் கேட்கும் இடத்தில் "Forgot password" என்பதைத் தொட்டபின், அந்தக் கைப்பேசியின் திரைப்பூட்டைக் கொண்டே உங்களை உறுதிசெய்யும் வாய்ப்பும் சில வேளை காட்டப்படும்.

இதே தேடலின்போது இன்னொரு பொருளையும் தேடுவது நல்லது. இரண்டு படிச் சரிபார்ப்பைப் போட்டவர்களுக்குக் கூகுள் எட்டு இலக்கம் கொண்ட பத்து மாற்றுக் குறியீடுகளை எடுத்துவைத்துக்கொள்ள வழி தருகிறது. அன்றைக்கு ஏதோ ஒரு பொத்தானை அழுத்தி அதை இறக்கிவைத்துவிட்டு மறந்தவர்கள் உண்டு. கணினியின் "Downloads" கோப்புறையில் Backup-codes என்று தேடிப் பாருங்கள். பழைய டைரியின் கடைசிப் பக்கத்தையும் பாருங்கள். ஒவ்வொரு குறியீடும் ஒரே முறைதான் செல்லும் என்றாலும், கணக்குக்குள் நுழைய ஒன்று போதும்.

இரண்டாவது வழியான பழைய எண்ணை மீட்பதைப் பற்றி நிறையத் தவறான நம்பிக்கைகள் உலவுகின்றன. சிம் தொலைந்துபோவதும் எண் செயலிழந்துபோவதும் ஒன்றல்ல. சிம் மட்டும் தொலைந்திருந்தால் எண் இன்னும் உங்களுடையதே. யார் பெயரில் அது பதிவாகியிருக்கிறதோ அவர் அடையாளச் சான்றோடு நேரில் சென்றால் அதே எண்ணில் வேறு சிம் கிடைத்துவிடும். இதில் கவனிக்க வேண்டியது, சிம்மை மாற்றியபின் முதல் 24 மணி நேரம் அந்த எண்ணில் குறுஞ்செய்திகள் நிறுத்திவைக்கப்படும் என்பதே. ஏமாற்றுக்காரர்கள் பிறர் எண்ணுக்குப் போலி சிம் வாங்கி ஓடிபியைப் பறிப்பதைத் தடுக்க இந்த ஏற்பாடு. அதை அறியாதவர்கள், கடையிலிருந்து வந்த அரை மணி நேரத்தில் பத்துத் தடவை குறியீடு கேட்டு, அது வராமல், மிகுதியாக முயன்றதற்காகக் கூகுள் பக்கமும் தடைபட்டு நிற்கிறார்கள்.

ரீசார்ஜ் இல்லாமல் எண்ணே செயலிழந்திருந்தால் எத்தனை நாட்கள் ஆயின என்பதைப் பார்க்க வேண்டும். இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிப்படி, முன்கட்டண எண் ஒன்றை 90 நாட்கள் எந்தப் பயன்பாடும் இல்லாமல் இருந்தால்தான் செயலிழக்கச் செய்யலாம். அந்த எண்ணில் 20 ரூபாய் இருப்பு இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு மேலும் 30 நாட்கள் எண்ணை வைத்திருப்பார்கள். அதன் பிறகும் 15 நாட்கள் அவகாசம் உண்டு. செயலிழந்த எண்ணைக் குறைந்தது 90 நாட்களுக்கு வேறு யாருக்கும் ஒதுக்குவதில்லை என்று ஆணையம் 2023இல் உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. ஆகவே, எண் நின்றுபோய் ஓரிரு வாரங்களே ஆகியிருந்தால் இந்த வழி மிக நல்லது. உடனே கிளம்ப வேண்டும். இரண்டு மாதம் ஆகியிருந்தால், எண் இன்னும் யாரிடமும் இருக்காது என்றாலும், அதைத் திருப்பித் தருவது நிறுவனத்தின் விருப்பத்தைப் பொறுத்தது; கேட்டுப் பார்க்கலாம், நம்பியிருக்கக் கூடாது. அரை ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தால் அந்த எண் இன்னொருவர் கையில் இருக்கக்கூடும் என்றே கொள்ள வேண்டும்.

இதைச் சோதிக்க எளிய வழி, வேறு ஒரு கைப்பேசியிலிருந்து அந்த எண்ணை அழைப்பதே. "அணைத்து வைக்கப்பட்டுள்ளது" என்று வந்தால் எண்ணுக்கு உயிர் இருக்கலாம். "இந்த எண் உபயோகத்தில் இல்லை" என்று வந்தால் செயலிழந்துவிட்டது. மணி அடித்தால் யாரோ வைத்திருக்கிறார்கள். மத்திய அரசின் sancharsaathi.gov.in தளத்தில் உங்கள் பெயரில் உள்ள இணைப்புகளின் பட்டியலையும் பார்க்கலாம். அதில் அந்த எண் இல்லாவிட்டால் இன்னொரு கேள்வி எழுகிறது: அது முதலிலிருந்தே உங்கள் பெயரில்தான் இருந்ததா? பல வீடுகளில் அம்மாவின் எண் மகன் பெயரிலும், தாத்தாவின் எண் அவருக்குச் சிம் வாங்கித் தந்த பக்கத்து வீட்டுக்காரர் பெயரிலும் இருக்கின்றன. யார் பெயரில் இருக்கிறதோ அவர் வராமல் இந்த வழி ஓர் அடிகூட நகராது.

மணி அடித்து யாரோ எடுத்தால், அவரிடம் கெஞ்சிக் குறியீட்டைக் கேட்டு வாங்கலாமே என்று தோன்றும். செய்யாதீர்கள் என்பதே என் கருத்து. "ஓடிபியை யாருக்கும் சொல்லாதீர்கள்" என்று ஆண்டுக்கணக்கில் கேட்டுப் பழகிய எவரும் உங்களை மோசடிக்காரர் என்றே நினைப்பார். அப்படி நினைப்பதுதான் சரி. அவர் சொல்லிவிட்டால் சிக்கல் இன்னும் பெரிது: உங்கள் மின்னஞ்சலுக்குத் தம் எண் சாவியாக இருக்கிறது என்பது அந்நியர் ஒருவருக்குத் தெரிந்துவிடுகிறது.

மூன்றாவது வழி g.co/recover என்ற மீட்புப் பக்கம். எண் காட்டப்பட்டவுடன் அங்கேயே நின்றுவிடாமல் "Try another way" என்பதை அழுத்தினால் அடுத்தடுத்த வழிகள் வரும்: வேறு கருவியில் ஒப்புதல், மாற்று மின்னஞ்சலுக்குக் குறியீடு, நினைவிலுள்ள கடைசிக் கடவுச்சொல் என்று. கணக்கில் முன்பு எதையெல்லாம் பதிந்துவைத்தீர்களோ அதைப் பொறுத்து இவை ஆளுக்கு ஆள் மாறும். இந்தப் பக்கம் விடைகளை மட்டும் பார்த்து முடிவெடுப்பதில்லை என்பதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. கேட்பவர் எந்தக் கருவியிலிருந்து, எந்த பிரவுசரிலிருந்து, எந்த இடத்திலிருந்து கேட்கிறார் என்பதும் சேர்த்தே எடைபோடப்படுகிறது. சரியான பழைய கடவுச்சொல்லை பிரவுசிங் சென்டரிலிருந்து கொடுத்தால் மறுக்கப்படுவதும், அதே விடையை வீட்டு வைஃபையில் பழைய மடிக்கணினியிலிருந்து கொடுத்தால் ஏற்கப்படுவதும் இதனால்தான். விபிஎன் போட்டிருந்தால் அணைத்துவிட வேண்டும்.

கேள்விகளுக்கு விடை நிச்சயமாகத் தெரியாவிட்டாலும் நெருக்கமான ஊகத்தைத் தருவது, தவிர்த்துவிட்டுப் போவதைவிட மேலானது என்பது கூகுளே தரும் அறிவுரை; ஓரிரு ஊகங்கள் தவறியதற்காக வெளியே தள்ளமாட்டார்கள். ஆனால் முழு முயற்சியையே ஒரே நாளில் இருபது முறை செய்வது வேறு விஷயம். முயற்சிகள் மிகுந்துவிட்டன என்ற அறிவிப்பு வந்தபின் தொடர்ந்து தட்டுவதால் பயனில்லை. சில நாட்கள் விட்டுவிட்டு, நல்ல கருவியோடு திரும்பி வருவதே வழி. தொடர்புகொள்ள ஒரு மின்னஞ்சல் கேட்டால், இப்போது உங்களால் திறக்க முடிகிற முகவரியைத் தர வேண்டும். பதிலுக்கு அந்த முகவரியின் ஸ்பேம் பெட்டியையும் பார்க்க வேண்டும். இரண்டு படிச் சரிபார்ப்பு உள்ள கணக்கில் விண்ணப்பத்தைச் சரிபார்க்கப் பொதுவாக 3 முதல் 5 வேலை நாட்கள் ஆகும். அந்த இடைவெளி பாதுகாப்புக்காக வேண்டுமென்றே வைக்கப்படுவது. விண்ணப்பித்தவர் திருடராக இருந்தால் உண்மையான உரிமையாளர் விழித்துக்கொள்ள அது நேரம் தருகிறது.

மாற்று மின்னஞ்சல் பற்றி ஒரு சொல். திரையில் புள்ளிகளுக்கிடையே முதல் எழுத்து மட்டும் தெரியும் அந்த முகவரி, பல ஆண்டுகளுக்கு முன் திறந்து மறந்துபோன வேறொரு கணக்காக இருப்பது சாதாரணம். அப்படியானால் ஜிமெயிலை விட்டுவிட்டு அந்தக் கணக்கை முதலில் மீட்க வேண்டும். அது மைக்ரோசாப்ட் கணக்காக இருந்தால் அங்கே விதி வேறு: account.live.com/acsr என்ற படிவத்தில், அண்மையில் அனுப்பிய மின்னஞ்சல்களின் தலைப்புகள் போன்ற விவரங்களைத் தந்து கேட்கலாம். ஆனால் இரண்டு படிச் சரிபார்ப்பு போட்டிருந்தால் அந்தப் படிவம் பயன்படாது.

தென்காசியில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். மகள் வீட்டுக்குப் பெங்களூர் சென்று எட்டு மாதம் தங்கியவர், இரண்டாவது சிம்முக்கு ரீசார்ஜ் செய்யவில்லை. இடையில் கைப்பேசி பழுதாகிப் புதியது வாங்கினார். கடவுச்சொல் மறந்துவிட்டது, இரண்டு படிச் சரிபார்ப்பும் அந்த எண்ணில்தான். பெங்களூரில் புதிய கைப்பேசியிலிருந்து ஒரே மாலையில் ஏழெட்டு முறை முயன்று தடைபட்டார். அந்த எண்ணை அழைத்தால் யாரோ இந்தியில் பேசினார்கள். ஆக, இரண்டாவது வழி மூடப்பட்டது. இந்த நிலையில் அவர் செய்யக்கூடிய மிகச் சிறந்த காரியம், மேலும் முயலாமல் தென்காசிக்கு ரயில் ஏறுவது. வீட்டில் மின்கட்டணம் கட்டவும் ஓய்வூதிய விவரம் பார்க்கவும் பயன்படுத்திய மடிக்கணினி இருக்கிறது. அதை வீட்டு இணையத்தில் இணைத்துக் குரோமைத் திறந்தால், கணக்கு வெளியேறியிருந்தாலும், சேமித்த கடவுச்சொல் அதில் இருக்கிறது. முன்பு எப்போதோ "Don't ask again on this device" என்ற கட்டத்தில் குறியிட்டிருந்ததால், அதே பிரவுசரில் கடவுச்சொல்லைக் கொடுத்தவுடன் இரண்டாம் படி கேட்காமல் கணக்கு திறந்துகொள்கிறது. அவர் பெங்களூரிலிருந்தே தொலைபேசியில் மகனிடம் அந்த மடிக்கணினியைப் "பார்மேட்" செய்து வைக்கச் சொல்லியிருந்தால் இந்த முடிவு வந்திருக்காது. அப்போது அவருக்கு மிஞ்சுவது மீட்புப் பக்கமும் நாள்கணக்கான காத்திருப்பும்தான்.

நான்காவது வழியான புதிய கணக்கைக் கடைசி வழி என்றே வைத்தாலும், அதன் ஒரு பகுதியை முதல் நாளிலேயே தொடங்குவது நல்லது என்று நினைக்கிறேன். வங்கி, வருமான வரித் தளம், வருங்கால வைப்பு நிதி போன்ற இடங்களில் பூட்டப்பட்ட முகவரிக்குச் செய்திகள் போய்க்கொண்டேயிருக்கும். அவற்றுள் வங்கியை மட்டுமாவது கிளைக்கு நேரில் சென்று உடனே மாற்றிவிடலாம்; ஜிமெயில் மீண்டும் கிடைத்தாலும் இதனால் இழப்பு ஒன்றுமில்லை. மற்றவற்றை மூன்றாவது வழியின் விடை வரும்வரை பொறுக்கலாம். கைவிடும் முடிவை எடுப்பவர்கள் அறிய வேண்டியது, இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகளைக் கூகுள் நீக்கக்கூடும் என்பதும், நீக்கப்பட்ட ஜிமெயில் முகவரியை உங்களால்கூட மீண்டும் எடுக்க முடியாது என்பதும். கூகுள் போட்டோஸில் உள்ள குடும்பப் படங்களும் அதே கணக்கோடுதான் போகும். கைவிடத் துணிந்த பலரைத் தயங்க வைப்பது மின்னஞ்சலைவிட இதுதான்.

ஐந்தாவதாக ஒன்றைச் சிலர் வழி என்று சொல்வார்கள்: பணம் வாங்கிக்கொண்டு கணக்கைத் திறந்துதருவதாகச் சொல்பவர்கள். அவர்களிடம் நீங்கள் செய்ய முடியாத எதுவும் இல்லை. அதே மீட்புப் பக்கத்தை அவர்கள் தங்கள் கணினியிலிருந்து, அதாவது கூகுளுக்கு அறிமுகமே இல்லாத கருவியிலிருந்து முயல்வார்கள். இணையத்தில் தேடினால் கிடைக்கும் "கூகுள் உதவி எண்" எதுவும் இந்த வேலைக்கானதல்ல. அதை அழைத்து, சொன்ன செயலியை நிறுவித் திரையைக் காட்டத் தொடங்கினால் மின்னஞ்சலோடு வங்கிக் கணக்கும் போகும்.

என் தீர்ப்பை வரிசையாகச் சொன்னால் இப்படி வரும். எண் நின்று ஒரு மாதத்துக்குள் என்றால், கருவிகளைத் தேடுவதை வீட்டில் ஒருவரிடம் விட்டுவிட்டு, எண்ணின் உரிமையாளர் அன்றைக்கே சிம் நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போக வேண்டும், ஏனென்றால் நாள் கடந்தால் மறையும் வழி அது ஒன்றுதான். மாதங்கள் கடந்திருந்தால் சிம்மை மறந்துவிட்டு அறிமுகமான கருவியைத் தேடுவதில் முழு நேரத்தையும் செலவிடலாம். அது கிடைத்த பிறகே மீட்புப் பக்கத்தைத் திறக்க வேண்டும். கிடைக்கவே கிடைக்காது என்று உறுதியானால், நினைவிலுள்ள பழைய கடவுச்சொற்களைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, வழக்கமாக இருந்த ஊரிலிருந்து, நாளுக்கு ஒருமுறைக்கு மேல் போகாமல் முயலலாம்.

தென்காசி ஆசிரியருக்குத் திரும்புவோம். உள்ளே நுழைந்தவுடன் அவர் "Recovery phone" என்ற இடத்தில் புதிய எண்ணைப் போடுகிறார். இது மட்டும் போதாது. "2-Step Verification" பக்கத்தில் உள்ள எண் தனிப் பதிவு. அங்கேயும் பழையதை நீக்கிப் புதியதைச் சேர்க்க வேண்டும். இரண்டில் ஒன்றை மாற்றிவிட்டு முடிந்தது என்று மூடிவிடுபவர்கள் அடுத்த முறை வேறு கருவியில் நுழையும்போது அதே பழைய இலக்கங்களைப் பார்த்துத் திகைக்கிறார்கள். அப்படியே பத்து மாற்றுக் குறியீடுகளையும் எடுத்து அச்சிட்டு, ஓய்வூதியப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்கிறார். மீட்பு எண்ணை மாற்றியபின் 7 நாட்கள் வரை பழைய எண்ணுக்குக் குறியீடு அனுப்பும் வாய்ப்பைக் கூகுள் காட்டக்கூடும். கணக்கைத் திருடியவர் எண்ணை மாற்றிவிட்டால் உரிமையாளர் திரும்ப வருவதற்கான ஏற்பாடு அது. ஆனால் ஆசிரியரின் பழைய எண் இப்போது வேறொருவர் கையில். ஆகவே அந்த ஒரு வாரமும் மடிக்கணினியில் கணக்கைத் திறந்தே வைத்திருந்து, புதிய நுழைவு பற்றிய எச்சரிக்கை ஏதும் வந்திருக்கிறதா என்று காலையும் மாலையும் பார்க்கிறார். எட்டாம் நாள் புதிய கைப்பேசியில் நுழையும்போது, திரையில் தெரிகிற கடைசி இரண்டு இலக்கங்கள் புதிய எண்ணுடையவை.